வினையை முன்னால் இழுக்காதீர்கள்: தரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் மொழிபெயர்ப்புத் தரக் குழுவினருக்கு,

மூன்று மாதங்களுக்கு முன் நீங்கள் அனுப்பிய விதிமுறைகளில் ஏழாவது விதி இது: மூல வாக்கியத்தில் எந்தப் பகுதி எந்த இடத்தில் இருக்கிறதோ, மொழிபெயர்ப்பிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும், இடம் மாறினால் பிழையாகக் கணக்கிடப்படும். போன வாரம் அந்த விதியின்படி நான் மொழிபெயர்த்த இரண்டு மருந்து விளக்கச் சீட்டுகள் திரும்பி வந்தன. ஒன்று வலி மாத்திரைக்கு, மற்றது ஆன்டிபயாட்டிக்குக்கு. மொத்தம் 23 திருத்தங்கள். அவற்றில் 16-க்குப் பக்கத்தில் "வரிசை மாற்றம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

மதிப்பெண் குறைந்ததற்காக இதை எழுதவில்லை. பதினேழு வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மருத்துவ வாசகங்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன், நிறையத் திட்டு வாங்கியவன்தான். ஆனால் நீங்கள் திருத்திய வடிவம் இறுதியானது என்றும், அது அப்படியே அச்சுக்குப் போகிறது என்றும் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

இந்த விதி எங்கிருந்து முளைத்தது என்று எனக்குத் தெரியும். அதற்குக் காரணமே நான்தான், அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மருந்து வேளையை நினைவூட்டும் செயலிக்காக இந்த வரி வந்தது:

```
Take %d tablets every %d hours.
```

முதல் வெற்றிடத்தில் மாத்திரையின் எண்ணிக்கை வந்து உட்காரும், இரண்டாவதில் மணி நேரம். நான் தமிழில் எது இயல்போ அப்படி எழுதினேன்:

```
%d மணி நேரத்துக்கு ஒரு முறை %d மாத்திரை சாப்பிடவும்.
```

நிரலுக்குத் தமிழ் தெரியாது. முதல் எண்ணை முதல் வெற்றிடத்தில் போடுவது மட்டும்தான் அதற்குத் தெரியும். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை 2 மாத்திரை என்று வந்திருக்க வேண்டியது, 2 மணி நேரத்துக்கு ஒரு முறை 6 மாத்திரை என்று திரையில் வந்தது. அது 500 மில்லிகிராம் பாராசிட்டமால். சரியான கணக்கில் ஒரு நாளைக்கு 8 மாத்திரை, அதாவது 4 கிராம். பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் உச்ச அளவு அதுதான். தப்பான கணக்கில் 72 மாத்திரை. சோதனையின்போதே ஒருவர் கண்டுபிடித்துவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று நான் தூங்கவில்லை, நீங்களும் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

ஆனால் அந்தப் பிழைக்கு மருந்து வேறு. வெற்றிடங்களுக்கு எண் கொடுத்துவிட்டால் தீர்ந்தது:

```
%2$d மணி நேரத்துக்கு ஒரு முறை %1$d மாத்திரை சாப்பிடவும்.
```

இப்போது எந்த வெற்றிடம் எங்கே போனாலும் அதனதன் எண் அதனதனிடம் போய்ச் சேரும். இந்த வசதி பல நிரல்மொழிகளில் ஏற்கெனவே இருக்கிறது. வாக்கியத்தை மொழிபெயர்ப்பவர் வரிசையை மாற்றத்தான் செய்வார் என்று எதிர்பார்த்துத்தான் அதை வைத்திருக்கிறார்கள். நீங்களோ நிரலில் செய்ய வேண்டிய சிகிச்சையைத் தமிழுக்குச் செய்தீர்கள். அதுவும் வெற்றிடமே இல்லாத, காகிதத்தில் அச்சாகிற சீட்டுக்கும் சேர்த்து.

இனி அந்தச் சீட்டுக்கு வருகிறேன். வலி மாத்திரைச் சீட்டில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆங்கிலத்தில் முதலில் தடை வருகிறது, அப்புறம் நிபந்தனை, நிபந்தனைக்குப் பின்னால் காலம், கடைசியில் விதிவிலக்கு. நான் எழுதியது:

"கடந்த 4 மணி நேரத்துக்குள் வேறு வலி மாத்திரை சாப்பிட்டிருந்தால், மருத்துவர் சொல்லாமல் இந்த மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். இதை ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கவும்."

நீங்கள் திருத்தியது:

"இந்த மாத்திரையைச் சாப்பிடாதீர்கள், மருத்துவர் சொன்னால் தவிர, கடந்த 4 மணி நேரத்துக்குள் வேறு வலி மாத்திரை சாப்பிட்டிருந்தால். இதை ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கவும்."

(விதிவிலக்கை நடுவில் போட்டு நீங்களே வரிசையை மாற்றிவிட்டீர்கள். கடைசியில் வைத்துப் பார்த்து, காது கூசியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கூச்சத்தை இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாம்.)

எந்தச் சீட்டை முடித்தாலும் என் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். அவருக்கு 74 வயது, கண் பார்வை மங்கிவிட்டது, காது கூர்மை. உங்கள் வடிவத்தை நிதானமாக, நிறுத்தக்குறிகளில் நிறுத்தி வாசித்தேன். "சாப்பிடாதீர்கள்" என்றதும் தலையாட்டினார். அவரைப் பொறுத்தவரை வாக்கியம் அங்கே முடிந்துவிட்டது. "சாப்பிட்டிருந்தால்" என்றபோது புருவத்தைத் தூக்கிக்கொண்டு மேலே கேட்கக் காத்திருந்தார். "விழுங்கவும்" என்றதும் மறுபடி தலையாட்டினார். அப்புறம் கேட்டார்: "ஏன்டா தம்பி, அப்ப வேற வலி மாத்திர போட்டிருந்தா, இதப் போடறப்ப மட்டும் தண்ணி நெறையக் குடிக்கணுமா?"

பெரியம்மா தப்பாகக் கேட்கவில்லை. தமிழ் கேட்கிற காது எப்படிக் கேட்குமோ அப்படித்தான் கேட்டார்.

இங்கே நடந்தது என்ன என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் குறித்த 16-இல் பாதிக்கு மேல் இதே கதைதான். ஆங்கிலத்தில் நிபந்தனை, காலம், காரணம் எல்லாம் பெரும்பாலும் வினைக்குப் பின்னால் வந்து, இடப்பக்கம் திரும்பி அந்த வினையைப் பிடித்துக்கொள்ளும். தமிழில் அவை வலப்பக்கம் பார்க்கும். "சாப்பிட்டிருந்தால்" என்பது எச்சம். அது முடியாத சொல், தன்னை முடித்துவைக்கும் ஒரு வினைமுற்றைத் தேடி முன்னே போகிறது. அதற்கு முன்னால் வந்த "சாப்பிடாதீர்கள்" ஏற்கெனவே முற்றுப்பெற்றுவிட்டது, கதவைச் சாத்தியாகிவிட்டது. எனவே எச்சம் அடுத்த வாக்கியத்துக்குப் போய் "விழுங்கவும்" என்பதில் முடிந்துகொண்டது. நடுவில் ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறதே என்பீர்கள். காதுக்கு முற்றுப்புள்ளி கேட்காது, வினைமுற்றுதான் கேட்கும். மருந்துச் சீட்டைப் பிறர் வாசிக்கக் கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள் எத்தனையோ பேர்.

"பேச்சில் நாம் வினைக்குப் பின்னாலும் சொற்களைப் போடுகிறோமே" என்று உங்கள் குறிப்பு ஒன்றில் எழுதியிருந்தீர்கள். போடுகிறோம். "வந்துட்டான், நேத்தே" என்கிறோம். "குடுத்துட்டேன் அவன்கிட்ட" என்கிறோம். ஆனால் அப்படி வாலாக ஒட்டிக்கொள்வது எது என்று கவனியுங்கள். பெரும்பாலும் இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயமோ, சொல்ல மறந்து சேர்த்துக்கொள்கிற ஒரு சின்னச் சொல்லோதான். அதைச் சொல்லும்போது குரலும் இறங்கிவிடும், அந்த இறக்கத்தை வைத்தே அது முன்னதோடு சேர்ந்தது என்று கேட்பவர் கண்டுகொள்கிறார். காகிதத்தில் குரல் இல்லை. தவிர, உயிரைக் காக்கிற ஒரு நிபந்தனையை வால் மாதிரித் தொங்கவிடுகிற பேச்சு எந்த வீட்டிலும் இல்லை. "அடுப்பு எரியுது, பாத்து" என்போம். "அங்க போகாத, தரை ஈரமா இருந்தா" என்று எச்சரிக்க மாட்டோம்.

அடுத்து "உடனே". ஒவ்வாமை பற்றிய பகுதியில் ஆங்கிலம் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. நான் "மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்" என்று எழுதியிருந்தேன். நீங்கள் அதை முன்னால் இழுத்து, "உடனே, மூச்சுத்திணறல் வந்தால், மருத்துவரைப் பாருங்கள்" என்று ஆக்கியிருக்கிறீர்கள். காற்புள்ளிகளைக் கவனிக்காமல் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உடனே எது? மூச்சுத்திணறல். மாத்திரை சாப்பிட்ட கையோடு திணறல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் அவ்வளவு அவசரமில்லை என்று பொருள் படுகிறது. காலத்தைச் சொல்லும் சொல்லைத் தமிழ் வாக்கியத்தில் எங்கே வைத்தாலும், தனக்கு வலப்பக்கத்தில் முதலில் வருகிற வினையோடு அது ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அந்த முதல் வினை எச்சமாக இருந்தாலும் சரி, முற்றாக இருந்தாலும் சரி. செய்திகளில் இதைத் தினமும் பார்க்கலாம். "நேற்று விபத்தில் இறந்தவரின் உறவினர்கள் சாலையை மறித்தனர்" என்று எழுதுகிறார்கள். மறியல்தான் நேற்று நடந்தது, விபத்து அதற்கு முன்தினம். ஆனால் "நேற்று" என்பதை "இறந்தவர்" என்ற வினையாலணையும் பெயர் வழியிலேயே மடக்கிப் பிடித்துக்கொண்டது. "நேற்று" என்ற சொல்லைத் தூக்கி "மறித்தனர்" பக்கத்தில் வைத்தால் சரியாகிவிடும். ஒரு சொல்லை மட்டும் நகர்த்தினால் போதும். உங்கள் ஏழாவது விதி தடுப்பது அந்த நகர்த்தலைத்தான்.

ஆன்டிபயாட்டிக் சீட்டில் இருக்கும் ஒரு வரிதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைத்தது. உடம்பு தேறியதைக் காரணமாக வைத்து மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது செய்தி. ஆங்கிலத்தில் தடை முதலில், காரணம் பின்னால். நான் எழுதியது: "உடம்பு தேறிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்." நீங்கள் எழுதியது: "மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஏனெனில் நீங்கள் நலமாக உணர்கிறீர்கள்."

இரண்டும் ஒன்றல்ல. என்னுடையதில் உடம்பு தேறியது என்பது நோயாளி சொல்லக்கூடிய சாக்கு, அந்தச் சாக்கை வைத்து நிறுத்தாதே என்கிறது சீட்டு. உங்களுடையதில் அதுவே சீட்டு சொல்லும் காரணமாகிவிட்டது: நீ நலமாக இருக்கிறாய், அதனால் நிறுத்தாதே. நலமாக உணராதவர் என்ன செய்ய வேண்டும்? மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி வருகிறது என்றால் நிறுத்திவிடலாம் போலிருக்கிறதே என்று ஒருவர் நினைத்தால் அவரை எப்படிக் குறை சொல்வது?

ஆங்கிலத்தில் "பிகாஸ்" என்ற ஒரே இணைப்புச்சொல் இரண்டு வேலையும் செய்கிறது. சூழலைப் பார்த்து வாசகர் புரிந்துகொள்கிறார். தமிழில் இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு இருக்கிறது. தடைக்குக் காரணம் சொல்வதானால் "ஏனெனில்" போடலாம், "-ஆல்" போடலாம். தடுக்கப்படுகிற செயலுக்குக் காரணம் சொல்வதானால் "என்று", "என்பதற்காக" என்றுதான் வரும், அதுவும் வினைக்கு முன்னால்தான் வரும். "ஏனெனில்" என்ற சொல் தமிழில் ஆங்கில வரிசையை அப்படியே வைத்துக்கொள்ள இடம் தருகிறது. அதனால்தான் வரிசையைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் எல்லோரும் போய் அதன்மேல் சாய்கிறார்கள். அது தோள் கொடுக்கும், பொருளைத் தாங்காது. சீட்டுகளைச் சரிபார்க்கும்போது, ஒரு தடைக்குப் பின்னால் "ஏனெனில்" வந்தால் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பத்துக்கு எத்தனை தப்பாக இருக்கும் என்று எண்ணிச் சொல்ல மாட்டேன், ஆனால் நின்று பார்த்தது வீணானதாக எனக்கு நினைவில்லை.

"மட்டும்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் தான் கட்டுப்படுத்துகிற சொல்லுக்கு முன்னால் நிற்கும், தமிழில் பின்னால் நிற்கும். இரவில் ஒன்றுக்கு மேல் கூடாது என்று சொல்ல, "இரவில் ஒரு மாத்திரை மட்டும் சாப்பிடவும்" என்று எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் "ஒரு" என்பதற்கு முன்னால் இருப்பதால் நீங்கள் "இரவில் மட்டும் ஒரு மாத்திரை சாப்பிடவும்" என்று நகர்த்தியிருக்கிறீர்கள். இப்போது கட்டுப்பாடு மாத்திரையை விட்டுவிட்டு இரவுக்குப் போய்விட்டது. பகலில் போட வேண்டிய இரண்டு மாத்திரை காணாமல் போய்விட்டது.

இதே குழியில் நானும் மறுபக்கத்திலிருந்து விழுந்திருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், "நேற்றுத்தான் கோப்பு வந்தது" என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது "யெஸ்டர்டே ஒன்லி ஐ ரிசீவ்ட் த ஃபைல்" என்று எழுதி அனுப்பினேன். "தான்" நேற்றுக்குப் பின்னால் வருகிறது, அதனால் "ஒன்லி"யையும் பின்னால் போட்டேன். ஆங்கிலக்காரர் அதை வலப்பக்கம் பார்த்துப் படித்துவிட்டார்: நேற்று எனக்கு மட்டும்தான் கோப்பு வந்ததாம், மற்றவர்களுக்கு வரவில்லையாம். யார் யாருக்கெல்லாம் வரவில்லை என்று கேட்டு அவரிடமிருந்து பதில் வந்தது. யாருடைய வரிசையை யார்மேல் ஏற்றினாலும் விளைவு இதுதான். நான் செய்தபோது அது பிழை என்று திருத்தினார்கள். நீங்கள் செய்யும்போது மட்டும் அது விதியாகிவிடுகிறது.

உங்கள் பக்க வாதங்களில் நான் மதிக்கிற ஒன்று உண்டு. தமிழில் சொல்வரிசை கட்டற்றது, வேற்றுமை உருபு இருப்பதால் எப்படி மாற்றினாலும் பொருள் கெடாது. அப்படியிருக்க ஆங்கில வரிசையிலேயே வைத்துவிட்டால் சரிபார்ப்பது சுலபம்தானே என்கிறீர்கள். பாதி உண்மை. "நாய் பூனையைக் கடித்தது", "பூனையை நாய் கடித்தது" இரண்டிலும் கடி வாங்கியது பூனைதான். அந்த நினைவூட்டல் வரியைக்கூட "2 மாத்திரைகளை 6 மணி நேரத்துக்கு ஒரு முறை சாப்பிடவும்" என்று வைத்துத் தப்பித்திருக்கலாம், அதையும் மறுக்கவில்லை. உருபு ஏற்ற பெயர்கள் ஒரே வினையின் முன்னால் தங்களுக்குள் இடம் மாறி உட்காரலாம். சுதந்திரம் அதோடு சரி. பெயரெச்சம் தன் பெயருக்கு முன்னால்தான் வர வேண்டும். உரைநடையில் வினையெச்சம் தன் முற்றுக்கு முன்னால்தான். "மட்டும்", "தான்", "கூட" எல்லாம் தத்தம் சொல்லுக்குப் பின்னால்தான். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் சரி, இலைக்கு முன்னால்தானே உட்கார வேண்டும்.

செய்யுளில் இதற்கெல்லாம் விலக்கு உண்டு, தெரியும். நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள் சொல்கிறது. அதில் கொண்டுகூட்டு என்று ஒன்று: பல அடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களைத் தேவையான இடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் கொள்வது. பாட்டுக்கு உரையாசிரியர் இருக்கிறார். ஜுரத்தோடு மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு யார் உரை எழுதுவார்?

பட்டியல்களையும் விட்டுவிட முடியாது. ஆங்கிலச் சீட்டில் ஒரு தலைப்பு வரியும் அதன் கீழே நான்கு குறுவரிகளும் இருக்கும். தலைப்பு பாதி வாக்கியம், ஒவ்வொரு குறுவரியும் மீதி. நம் மென்பொருள் இவற்றைத் தனித்தனி செக்மென்ட்டாக உடைத்துத் தருகிறது. உங்கள் வடிவத்தில் தலைப்பு "இந்த மருந்தைச் சாப்பிடாதீர்கள், நீங்கள்:" என்று நிற்கிறது. கீழே "கர்ப்பமாக இருந்தால்", "சிறுநீரக நோய் இருந்தால்", "முன்பு ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால்" முதலிய நான்கு வரிகள். முதல் வரிக்கு "நீங்கள்" பொருந்துகிறது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் "உங்களுக்கு" வேண்டும். "நீங்கள் சிறுநீரக நோய் இருந்தால்" என்று யாரும் பேசுவதில்லை. அதைவிட, நான்கு வரியும் எச்சத்தில் தொங்குகின்றன, பட்டியலுக்குக் கீழே வருகிற முதல் ஏவலை அவை பிடித்துக்கொள்ளும். பெரியம்மாவின் தண்ணீர் டம்ளர் கதை மறுபடியும். நான் தலைப்பை "கீழே உள்ளவர்கள் இந்த மருந்தைச் சாப்பிடக் கூடாது:" என்று முடித்துவிட்டு, குறுவரிகளைக் "கர்ப்பிணிகள்", "சிறுநீரக நோய் உள்ளவர்கள்", "இந்த மருந்தால் முன்பு ஒவ்வாமை ஏற்பட்டவர்கள்" என்பதுபோலப் பெயர்களாக ஆக்கியிருந்தேன். தலைப்பு தானே நிற்கிறது, ஒவ்வொரு வரியும் தானே நிற்கிறது. ஐந்து செக்மென்ட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இப்படி எழுத முடியும். ஒவ்வொன்றாகத் தனித்தனியே பார்த்தபோது ஐந்தும் உங்களுக்குப் பிழையாகத் தெரிந்திருக்கிறது.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் சொற்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ், கண் இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது. இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால் டிக் அடிப்பது வேகமாக நடக்கும். ஆனால் அந்த வசதி சரிபார்ப்பவருக்கு. சீட்டை வாசிப்பவரிடம் இடது பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை.

எனவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

ஏழாவது விதியை நீக்குங்கள். அதன் இடத்தில் வேறு விதி வேண்டுமென்றால், தடை எதன்மேல் விழுகிறது, நிபந்தனை எந்த வினைக்கு உரியது, காலம் எந்த வினைக்கு உரியது, "மட்டும்" எதைக் கட்டுப்படுத்துகிறது என்ற நான்கும் மூலத்தில் உள்ளபடியே தமிழிலும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். "வரிசை மாற்றம்" என்ற பிழை வகையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். வரிசை மாறியதால் பொருள் மாறியிருந்தால் அதைப் பொருள் பிழை என்றே குறியுங்கள், எந்தப் பொருள் எப்படி மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். அப்படி எழுத முடியாத திருத்தம் தேவையில்லாத திருத்தம்.

செயலி வாசகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வெற்றிடம் இருந்தால் அவற்றுக்கு எண் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று நிரல் எழுதுபவர்களிடம் கேளுங்கள். நாங்கள் கேட்டால் காதில் போட்டுக்கொள்வதில்லை, நீங்கள் கேட்டால் நடக்கும். எண் கொடுக்காத வரிகளை எங்களுக்கு அனுப்பாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். பட்டியல்களில் தலைப்பையும் குறுவரிகளையும் சேர்த்து ஒரே அலகாக மொழிபெயர்க்கவும், ஒரே அலகாகச் சரிபார்க்கவும் அனுமதியுங்கள்.

அச்சுக்குப் போகும் முன், ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவருக்குத் தமிழை மட்டும் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும், எப்போது செய்யக் கூடாது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். ஒரு சீட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும்.

இந்த இரண்டு சீட்டுகளின் அச்சை இன்றே நிறுத்திவையுங்கள். 16 திருத்தங்களையும் விவாதிக்க நேரமில்லை என்றால், தண்ணீர் டம்ளருக்கு மேலே இருக்கும் எச்சரிக்கை, "உடனே", "ஏனெனில்", "இரவில் மட்டும்", சாப்பிடக் கூடாதவர்களின் பட்டியல் ஆகிய ஐந்தையாவது பழையபடி மாற்றிவிடுங்கள். ஐந்து வரிகளின் இரண்டு வடிவங்களையும் தனித்தாளில் அடுத்தடுத்து எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன், ஆங்கிலம் இல்லாமல்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் இன்னும் இருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளன்